புகைபிடித்த அறை, சேதமான பொருள்: விருந்தினருக்குக் கட்டணக் கடிதம் எழுதுவது எப்படி? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டில் விடுதி, ரிசார்ட், சர்வீஸ் அபார்ட்மென்ட் நடத்துபவர்களும் அங்கே முன்அலுவலகத்தில் வேலை செய்பவர்களும் கேட்கும் கேள்விகள் இவை. பதில்களில் வரும் உதாரணம் ஒன்றேதான்: கொடைக்கானலில் 42 அறைகள் உள்ள ஒரு விடுதி, அறை எண் 207. விடுதியும் ஆட்களும் கற்பனை; கணக்குப் போடும் முறை நடைமுறையில் உள்ளது.

“புகைபிடிக்கக் கூடாத அறையில் புகைபிடித்திருக்கிறார். எந்த அடிப்படையில் பணம் கேட்கலாம்?”

ஒப்பந்தத்தின் அடிப்படையில். விருந்தினர் கையெழுத்திட்ட ரிஜிஸ்ட்ரேஷன் கார்டில் “இந்த அறையில் புகைபிடிக்கக் கூடாது, பிடித்தால் சிறப்புச் சுத்தச் செலவு 5,000 ரூபாய் வரை வசூலிக்கப்படும்” என்று இருந்தால் அதுதான் உங்கள் ஆதாரம். 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆவது பிரிவு இதற்கு இடம் தருகிறது, ஒரு வரம்போடு. ஒப்பந்தத்தில் எழுதிய தொகை உச்சவரம்பு மட்டுமே. அதற்குள் நியாயமான இழப்பீடு எவ்வளவோ அதைத்தான் பெறலாம். கார்டில் 5,000 என்று இருக்கிறது என்பதற்காக 1,200 ரூபாய் செலவுக்கு 5,000 கேட்டால், நுகர்வோர் ஆணையத்தில் அந்தக் கடிதமே உங்களுக்கு எதிரான சாட்சியாகிவிடும்.

ஆங்கிலத்தில் மட்டும் பொடி எழுத்தில் அச்சடித்து, கையெழுத்துக்குக் கீழே ஒளித்து வைத்த நிபந்தனையை நம்பி எழுத வேண்டாம். தொகையோடு சேர்ந்த வரி, தமிழிலும், கையெழுத்துக்கு மேலே இருக்க வேண்டும். அறைக்கதவின் உள்பக்கத்திலும் அதே வாசகம் ஒட்டியிருந்தால் நல்லது.

“அரசாங்க அபராதம் 200 ரூபாய்தானே, நீங்கள் எப்படி ஆயிரக்கணக்கில் கேட்கலாம் என்கிறார்.”

இரண்டும் வேறு வேறு. 2003ஆம் ஆண்டு புகையிலைப் பொருள்கள் சட்டத்தின்படி பொது இடத்தில் புகைபிடிப்பதற்கு 200 ரூபாய் வரை அபராதம் உண்டு. அதை வசூலிக்கும் அதிகாரம் அதற்கென அதிகாரம் பெற்ற அலுவலர்களுக்கே. பணம் அரசுக்குப் போகும். நீங்கள் கேட்பது அறையைப் பழைய நிலைக்குக் கொண்டுவர ஆன செலவு. அதனால் கடிதத்தில் ‘அபராதம்’, ‘தண்டம்’ என்று எங்கும் எழுதக் கூடாது. ‘சிறப்புச் சுத்தச் செலவு’, ‘பொருள் சேத இழப்பீடு’ என்று எழுதுங்கள்.

இதே சட்டத்தின் கீழ் 2008 அக்டோபர் 2 முதல் நடைமுறையில் உள்ள விதிகள் உங்களையும் கட்டுப்படுத்துகின்றன. 30 அறைகளுக்குக் குறைந்த விடுதியில் புகைபிடிக்கும் அறை என்று தனியாக ஒதுக்க வழியில்லை. புகை தடைசெய்யப்பட்ட இடத்தில் ஆஷ்டிரே, தீப்பெட்டி, லைட்டர் வைக்கக் கூடாது. பல விடுதிகளில் பால்கனி மேசையில் பழக்கதோஷத்தால் ஓர் ஆஷ்டிரே கிடக்கும். விருந்தினர் அதைப் படம் எடுத்து அனுப்பினால் உங்கள் கடிதம் அன்றே செத்தது.

“அறைக்குள் நுழைந்ததும் சிகரெட் வாடை அடித்தது. அது போதுமா?”

போதாது. குளியலறை எக்ஸாஸ்ட் குழாய் பக்கத்து அறையோடு இணைந்திருந்தால் அங்கே பிடித்த புகை இங்கே வரும். முந்தைய விருந்தினர் விட்டுப்போன வாடை திரைச்சீலையில் இரண்டு மூன்று நாள் நிற்கும். வெறும் வாடையை வைத்துக் கட்டணம் போடாமல் விட்டுவிடுவதே சரி.

வாடையோடு கண்ணுக்குத் தெரியும் ஓர் அடையாளமாவது வேண்டும்: சிகரெட் துண்டு, சாம்பல், சுட்ட ஓட்டை, பாலிதீன் பையோ ஷவர் கேப்போ மாட்டி மூடிய புகை உணரி. கடைசியாகச் சொன்னது மிக வலுவானது. தற்செயலாக யாரும் உணரிக்குத் தொப்பி போட மாட்டார்கள்.

நம் ஊரில் ஊதுபத்தி, சாம்பிராணி, கொசுவர்த்தி மூன்றும் குழப்பும். சாம்பலைப் பார்த்தாலே பெரும்பாலும் தெரிந்துவிடும். ஊதுபத்திச் சாம்பல் மெல்லிய குச்சி வடிவில், வளைந்து விழுந்திருக்கும். சிகரெட் சாம்பல் வெளிர் சாம்பல் நிறத்தில் செதில் செதிலாக உதிரும். சிகரெட்டின் குறுக்களவு சுமார் 8 மில்லிமீட்டர்; அதை அழுத்திச் சுட்ட ஓட்டை ஏறக்குறைய அதே அளவில் வட்டமாக இருக்கும். ஊதுபத்தி நுனி சுட்டது அதைவிட மிகச் சிறிய புள்ளி. பாலியஸ்டர் கம்பளியில் ஓட்டையின் விளிம்பு உருகிக் கெட்டியாகி, விரலால் தடவினால் உறுத்தும்; பருத்தித் துணியில் விளிம்பு பழுப்பாகக் கருகியிருக்கும். படம் எடுக்கும்போது ஓட்டைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்து எடுங்கள். அளவு தெரியாத படத்துக்கு மதிப்பு குறைவு.

“ஃபயர் அலாரம் அடித்த பதிவு இருக்கிறது. அதைச் சேர்க்கலாமா?”

சேர்க்கலாம், ஆனால் துணை ஆதாரமாக மட்டும். அறைகளில் பொதுவாக இருக்கும் ஒளி அடிப்படையிலான உணரி, சுடுநீர்க் குளியலின் நீராவிக்கும் அடிக்கும், சாம்பிராணிக்கும் அடிக்கும். பதிவை இணைக்கும் முன் அலாரம் பேனலின் கடிகாரத்தையும் வராந்தா சிசிடிவியின் கடிகாரத்தையும் சரியான நேரத்தோடு ஒப்பிடுங்கள். மின்தடைக்குப் பிறகு யாரும் திருத்தாமல் விட்ட பேனல் பல விடுதிகளில் உண்டு. கடிதத்தில் இரவு 11.20 என்றும் இணைப்பில் 10.35 என்றும் இருந்தால், மற்ற எல்லாமே சந்தேகத்துக்கு உள்ளாகும்.

“நான் வரும்போதே அப்படித்தான் இருந்தது என்று சொன்னால்?”

அதற்குப் பதில் கடிதத்தில் இல்லை, அவர் வருவதற்கு முன்பு நீங்கள் நிரப்பிய தாளில் இருக்கிறது. அறையை ஒதுக்கும் முன் ஹவுஸ்கீப்பிங் மேற்பார்வையாளர் சரிபார்த்துக் கையெழுத்திட்ட பட்டியல், அதில் தேதியும் நேரமும் இருக்க வேண்டும். கூடவே கட்டில், சோபா, குளியலறை, டிவி என நாலைந்து படங்கள். கம்பளியை விரித்துப் பார்த்தோம் என்று பட்டியலில் ஒரு வரி இல்லாவிட்டால், கம்பளி ஓட்டைக்குப் பணம் கேட்க முடியாது. மடித்து வைத்த கம்பளியின் உள்மடிப்பில் பழைய ஓட்டை இருந்திருக்கக்கூடும் என்று அவர் சொன்னால், இல்லை என்று நிரூபிக்க உங்களிடம் எதுவும் இருக்காது.

விருந்தினர் போன பிறகு வேலையின் வரிசை தலைகீழ். முதலில் படம், அப்புறம்தான் துடைப்பம். ரூம் பாய் நல்லெண்ணத்தில் சாம்பலைத் துடைத்து, ஜன்னலைத் திறந்துவைத்து, பிறகு மேனேஜரைக் கூப்பிடுவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு.

“தொகையை எப்படிக் கணக்கிடுவது?”

207ஆம் அறையைப் பார்ப்போம். விருந்தினர் 2025 ஆகஸ்ட் 8 வெள்ளி முதல் 10 ஞாயிறு வரை தங்கினார். ஞாயிறு காலை 10.15க்குச் செக்-அவுட். 10.40க்கு மேற்பார்வையாளர் போனபோது குளியலறை ஜன்னல் விளிம்பில் மூன்று சிகரெட் துண்டுகள், சோபா கைப்பிடியில் சாம்பல், கம்பளியில் இரண்டு சுட்ட ஓட்டைகள்.

சுத்தச் செலவில் வழக்கமாக எல்லா அறைக்கும் செய்வதைச் சேர்க்கக் கூடாது. படுக்கை விரிப்பும் துண்டும் எப்படியும் சலவைக்குப் போகும்; அதைக் கழித்துவிட்டு, கூடுதலாக ஆனதை மட்டும் எடுக்க வேண்டும். திரைச்சீலை சலவை 650 ரூபாய். சோபாவுக்கும் கார்ப்பெட்டுக்கும் ஷாம்பூ வாஷ் 1,400. ஏசியின் உள்யூனிட்டைக் கழற்றி ஃபில்டரும் காயிலும் கழுவ 700. இதை விட்டுவிட்டால் மற்றதெல்லாம் வீண், ஏசியைப் போட்டதும் வாடை திரும்ப வரும். இரண்டு பேர் நான்கு மணி நேரம் கூடுதலாகச் செய்த வேலை 800. மொத்தம் 3,550 ரூபாய். கார்டில் சொன்ன 5,000 உச்சவரம்புக்குள் இருக்கிறது.

கம்பளியைப் புது விலைக்குப் போடக் கூடாது. 2024 ஆகஸ்டில் 2,400 ரூபாய்க்கு வாங்கியது; விடுதியில் கம்பளியை மூன்று ஆண்டு வைத்திருந்து மாற்றுவது வழக்கம்; ஓராண்டு உழைத்துவிட்டது. மிச்சமுள்ள இரண்டு ஆண்டின் மதிப்பு 1,600 ரூபாய். மூன்று ஆண்டு முடிந்த பழைய கம்பளியாக இருந்தால் கேட்க ஒன்றுமில்லை. டிவி, மெத்தை, கெட்டில் எல்லாவற்றுக்கும் கணக்கு இப்படித்தான். பழுதுபார்க்கக் கூடியதென்றால் பழுதுச் செலவு மட்டும்.

ஆக, 3,550 + 1,600 = 5,150 ரூபாய்.

“அறையை ஒரு நாள் பூட்டிவைக்க வேண்டியிருந்தது. அந்த ஒரு நாள் வாடகை?”

அன்று அந்த அறை விற்றிருக்குமா என்பதுதான் கேள்வி. ஞாயிறு இரவு கொடைக்கானலில் மலையிறங்கும் கூட்டம்தான் அதிகம். அந்த விடுதியில் அன்று 42இல் 19 அறைகளே நிரம்பின. 207 பூட்டியிருந்ததால் ஒரு ரூபாய்கூட நஷ்டமில்லை, கேட்கக் கூடாது. பெரும்பாலான கட்டணக் கடிதங்கள் நியாயம் தவறுவது இந்த இடத்தில்தான்.

மே மாதச் சனிக்கிழமையாக இருந்து, எல்லா அறையும் நிரம்பி, 207க்கு வர வேண்டியவரைத் திருப்பி அனுப்பியிருந்தால் கேட்கலாம். அப்போதும் வரி சேர்க்காத வாடகை மட்டும், ஓர் இரவுக்கு மட்டும், அன்றைய அறை நிரம்பல் அறிக்கையோடு. கார்டில் இழந்த வாடகை பற்றியும் ஒரு வரி இருந்திருக்க வேண்டும்.

“இதற்கு ஜி.எஸ்.டி. போட வேண்டுமா?”

ஒப்பந்தத்தை மீறியதற்கான இழப்பீடு, வழங்கிய சேவைக்கான விலை ஆகாது என்று மத்திய மறைமுக வரி வாரியத்தின் 2022 ஆகஸ்ட் 3 தேதியிட்ட 178ஆம் எண் சுற்றறிக்கை விளக்குகிறது. அதனால் உண்மையான இழப்பீட்டை அறை பில்லில் ஒரு வரியாக நுழைத்து வரியோடு காட்டாதீர்கள். தனி டெபிட் கடிதமாகக் கொடுத்துவிட்டு, உங்கள் ஆடிட்டரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

“பணத்தை எப்படி எடுப்பது? அவருடைய வங்கிக் கார்டு விவரம் எங்களிடம் இருக்கிறது.”

இருக்கக் கூடாது. ரிசர்வ் வங்கி விதியின்படி 2022 அக்டோபர் 1 முதல் வணிகர்கள் விருந்தினரின் கார்டு எண்ணைச் சேமித்து வைக்க அனுமதியில்லை. பழைய ரிஜிஸ்டரில் எழுதிவைத்த எண்ணைக் கொண்டு பிறகு பணம் எடுப்பது வம்பை விலைக்கு வாங்குவது.

இரண்டு வழிதான் சுத்தம். ஒன்று, வரும்போது வாங்கிய பாதுகாப்பு முன்பணம். இன்னொன்று, கடிதத்தோடு அனுப்பும் பேமென்ட் லிங்க். 207இல் 3,000 ரூபாய் முன்பணம் இருந்தது. மீதி 2,150க்கு லிங்க். முன்பணத்திலிருந்தும் உடனே கழித்துவிடாமல், ஆட்சேபம் தெரிவிக்கக் கொடுத்த நாள் முடியும் வரை அப்படியே வைத்திருங்கள். எடுத்துவிட்டுக் காரணம் சொல்வதைவிட, காரணம் சொல்லிவிட்டு எடுப்பதற்கு எதிர்ப்பு குறைவு.

பணம் தரும்வரை பெட்டியையோ ஆதார் அட்டையையோ பிடித்துவைப்பது கூடவே கூடாது.

“கடிதத்தின் மாதிரி ஒன்று தர முடியுமா?”

கடிதத்துக்கு முன் ஒரு போன் செய்துவிடுங்கள். அன்றே, மேனேஜரே, இரண்டு நிமிடம்: “சார், 207ஆம் அறையில் இன்னின்ன பார்த்தோம். படங்களோடு கடிதம் அனுப்புகிறோம். நீங்கள் ஏதாவது சொல்ல விரும்பினால் இப்போதே சொல்லலாம்.” அவர் சொல்வதை எழுதிவையுங்கள். கடிதம் மறுநாளே போக வேண்டும். மூன்று வாரம் கழித்துப் போகும் கடிதத்தை யாரும் நம்புவதில்லை.

> நாள்: 11.08.2025
>
> திரு. ______ அவர்களுக்கு, வணக்கம்.
>
> பொருள்: அறை எண் 207, 08.08.2025 முதல் 10.08.2025 வரை – சிறப்புச் சுத்தச் செலவும் பொருள் சேத இழப்பீடும்.
>
> நீங்கள் 10.08.2025 காலை 10.15 மணிக்கு அறையை ஒப்படைத்தீர்கள். 10.40 மணிக்கு எங்கள் ஹவுஸ்கீப்பிங் மேற்பார்வையாளர் அறையைப் பார்த்தபோது, குளியலறை ஜன்னல் விளிம்பில் மூன்று சிகரெட் துண்டுகளும், சோபா கைப்பிடியில் சாம்பலும், கம்பளியில் சுமார் 8 மி.மீ. அளவுள்ள இரண்டு சுட்ட ஓட்டைகளும் இருந்தன. 08.08.2025 பகல் 12.20 மணிக்கு, உங்களுக்கு அறை தரும் முன் செய்த சோதனையில் இவை இல்லை. இரு சோதனைத் தாள்களும் ஆறு படங்களும் இணைக்கப்பட்டுள்ளன.
>
> 207 புகைபிடிக்கக் கூடாத அறை. நீங்கள் கையெழுத்திட்ட ரிஜிஸ்ட்ரேஷன் கார்டின் 6ஆவது நிபந்தனை, சிறப்புச் சுத்தச் செலவு 5,000 ரூபாய் வரை வசூலிக்கப்படும் என்றும், 7ஆவது நிபந்தனை, சேதமான பொருளின் தேய்மானம் போக உள்ள மதிப்பு வசூலிக்கப்படும் என்றும் கூறுகின்றன. கார்டின் நகலும் இணைப்பில் உள்ளது.
>
> திரைச்சீலை சலவை ரூ. 650, சோபா, கார்ப்பெட் ஷாம்பூ வாஷ் ரூ. 1,400, ஏசி சுத்தம் ரூ. 700, கூடுதல் வேலைக்கூலி ரூ. 800, கம்பளி (விலை ரூ. 2,400, ஓராண்டுத் தேய்மானம் ரூ. 800 போக) ரூ. 1,600. மொத்தம் ரூ. 5,150. அறை வாடகை இழப்பு எதுவும் கேட்கவில்லை.
>
> உங்கள் முன்பணம் ரூ. 3,000 எங்களிடம் உள்ளது. இதில் உங்களுக்கு மறுப்பு இருந்தால் 21.08.2025க்குள் எழுத்தில் தெரிவியுங்கள். அதுவரை முன்பணத்தை இந்தக் கணக்கில் வரவு வைக்க மாட்டோம். மறுப்பு வந்தால், இந்தச் சோதனையில் பங்கு இல்லாத பொது மேலாளர் அதைப் பார்த்து ஏழு நாளில் பதில் தருவார். கம்பளியை 31.08.2025 வரை அப்படியே வைத்திருக்கிறோம். நீங்களோ உங்கள் சார்பில் ஒருவரோ நேரில் பார்க்கலாம்.
>
> மறுப்பு இல்லையென்றால், மீதி ரூ. 2,150ஐ 25.08.2025க்குள் கீழே உள்ள லிங்க் வழியாகச் செலுத்தக் கேட்டுக்கொள்கிறோம். ரசீது அன்றே அனுப்பப்படும்.
>
> இப்படிக்கு,
> மேலாளர்

இதில் “நீங்கள் புகைபிடித்தீர்கள்” என்று ஓரிடத்திலும் இல்லை. அதை யாரும் பார்க்கவில்லை. பார்த்ததை மட்டும் சொல்கிறது. அறையில் கூட இருந்தவர் பிடித்திருந்தாலும் பதிவு செய்தவரே பொறுப்பு என்று கார்டு சொன்னால் போதும். அதேபோல “சிரமத்துக்கு வருந்துகிறோம்”, “தவறாக நினைக்க வேண்டாம்” என்பவையும் இல்லை. அவை மரியாதையாகத் தோன்றினாலும், படிப்பவருக்குப் பேரம் பேசலாம் போல என்ற எண்ணத்தைத் தரும்.

“கறுப்புப் பட்டியலில் சேர்ப்போம், போலீஸில் சொல்வோம் என்று ஒரு வரி போட்டால் சீக்கிரம் கொடுப்பாரே?”

போடாதீர்கள். 5,150 ரூபாய் விவகாரம் அந்த ஒரு வரியால் மிரட்டல் விவகாரமாகிவிடும்.

“கம்பெனி வழியாகப் புக் செய்தவர். கடிதத்தை யாருக்கு அனுப்புவது?”

விருந்தினருக்கு மட்டும், அவர் கார்டில் எழுதிய மின்னஞ்சலுக்கு. கம்பெனியோடு நீங்கள் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் சேதச் செலவைக் கம்பெனி ஏற்கும் என்று எழுதியிருந்தால்தான் டிராவல் டெஸ்க்குக்கு நகல். கூடத் தங்கியவர் பெயர், அறையில் கண்ட மற்ற தனிப்பட்ட பொருள்கள், மது பாட்டில் எதுவும் கடிதத்திலும் வேண்டாம், படத்திலும் வேண்டாம். வீட்டு எண்ணுக்குப் போன் செய்து மனைவியிடமோ பெற்றோரிடமோ சொல்வதும் கூடாது.

“ஓட்டை நான் போட்டதுதான், புகை நான் பிடிக்கவில்லை, கொசுவர்த்தி என்று பதில் எழுதியிருக்கிறார்.”

ஒவ்வொரு வரியாகப் பிரித்துப் பாருங்கள். கம்பளி இழப்பீட்டை அவரே ஒப்புக்கொண்டார். 1,600 ரூபாய் நிற்கிறது. மூன்று சிகரெட் துண்டுகளைக் கொசுவர்த்தி விளக்காது. 3,550உம் நிற்கிறது, அதை ஒரே வரியில் சொல்லி முடிவை எழுதுங்கள். துண்டுகள் பால்கனிக்கு வெளியே, மேல்மாடியிலிருந்து விழக்கூடிய இடத்தில் கிடந்திருந்தால் கதை வேறு. சுத்தச் செலவை விட்டுக்கொடுத்துக் கம்பளிக்கு மட்டும் முடியுங்கள். குறைத்தால் ஏன் குறைத்தீர்கள் என்று எழுதுங்கள். காரணம் சொல்லாமல் பாதியாக்கினால், முதலில் சொன்ன தொகையே வாய்க்கு வந்த கணக்கு என்றாகிவிடும்.

“பணம் வரவே இல்லை. அடுத்து?”

25ஆம் தேதிக்குப் பிறகு ஒரே ஒரு நினைவூட்டல், பதினைந்து நாள் அவகாசத்தோடு. மறுப்பு வராததால் முன்பணத்தை வரவு வைத்தோம் என்ற விவரமும் அதிலேயே. அதற்குமேல் 2,150 ரூபாய்க்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்பினால் நோட்டீஸ் செலவே அதைத் தாண்டும். கணக்கில் தள்ளுபடி செய்துவிடலாம். ஆனால் கோப்பைத் தூக்கிப் போடாதீர்கள். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி விருந்தினர் புகார் செய்ய இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. அதுவரை கார்டு, சோதனைத் தாள்கள், படங்களின் மூலக் கோப்புகள், சலவைக்கும் ஏசி வேலைக்கும் கொடுத்த பில்கள், போனில் அவர் சொன்னதை எழுதிய குறிப்பு எல்லாம் ஒரே உறையில் இருக்கட்டும். படங்களை வாட்ஸ்அப் குழுவில் மட்டும் வைத்திருந்தால் எடுத்த நேரம் அழிந்துவிடும். போனிலிருந்து நேராகக் கணினிக்கு மாற்றி வையுங்கள்.